பொண்ட் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன்: தனியார் வைத்தியசாலை வேலைக்குப் போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

இருபத்தொரு வயதில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் அலுவலக அறையில் நான்கு பக்க ஆங்கில பொண்ட் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வைத்தேன். குறித்த காலம் அங்கே வேலை செய்யாமல் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. "எல்லாரும் வைக்கிறதுதான் பிள்ளை, ஒன்றும் இல்லை" என்றார் அங்கிருந்தவர். பக்கத்தில் மாமாவும் பிணைக்காரராகக் கையெழுத்து வைத்தார். அவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியர். பஸ்ஸில் இரவு முழுக்க வந்த களைப்பு அவருக்கு. இரண்டு பேருமே வாசிக்கவில்லை. அந்த நான்கு பக்கத்துக்கு ஆறு வருடம் கழித்து நான் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

இப்போது கல்முனைப் பக்கம் தாதியாக வேலை செய்கிறேன். வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளாவது "அக்கா, இந்த இடத்துக்குப் போகலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவானவர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது. அவர்களுக்கு வர்த்தமானியும் அமைச்சும் இருக்கின்றன. தனியார் பக்கம் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. உங்கள் பதிவு எங்கே என்று முதலில் பாருங்கள்

வேலை தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. தாதியருக்கு இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவு வேண்டும். மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன் மருத்துவர், கதிர்ப்படப்பிடிப்பாளர் ஆகியோருக்கு இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவு வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடங்கள். விண்ணப்பத்தை மாற்றி அனுப்பி இரண்டு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய பொறி பயிற்சி நெறியில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் நகரத்துக்கு நகரம் "தாதியியல் டிப்ளோமா" பலகை தொங்குகிறது. ஆறு மாதம், ஒரு வருடம், பதினெட்டு மாதம் என்று விதவிதமாக இருக்கும். என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டிப் படித்து, வெள்ளைச் சீருடை போட்டுப் படமும் எடுத்தாள். பேரவைக்குப் போனபோதுதான் அந்த நெறி பதிவுக்கு ஏற்றுக்கொள்ளப்படாதது என்று தெரிந்தது. கையில் இருந்த சான்றிதழுக்கு அவளால் தாதி உதவியாளராக மட்டுமே வேலை பார்க்க முடிந்தது. தாதியின் வேலை முழுவதையும் செய்தாள். சம்பளம் உதவியாளருக்கு உரியது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த நெறியை முடித்த போன தொகுதியில் எத்தனை பேருக்குத் தாதியர் பேரவைப் பதிவு கிடைத்தது? ஒருவருடைய பதிவுச் சான்றிதழின் பிரதியைக் காட்ட முடியுமா?" மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறது என்று பதில் சொல்வார்கள். அது நல்லதுதான், ஆனால் அது வேறு விஷயம். அந்தப் பதிவை வைத்துப் பராமரிப்பாளர், உதவியாளர் மட்டத்தில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். அது உங்களைப் பதிவுபெற்ற தாதி ஆக்காது. வைத்தியசாலையே நடத்தும் பயிற்சியாக இருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அப்புறம் பேரவைக்கும் தொலைபேசி எடுத்து நெறியின் பெயரைச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

2. கோப்பைத் தயாராக வைத்திருங்கள், ஊசியை முதலில் போடுங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பயிற்சிச் சான்றிதழ், பேரவைப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ். வழக்கமாகக் கேட்பவை இவ்வளவுதான். கொழும்பு வைத்தியசாலைகள் சில தமிழ்ப் பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்கும். அதைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்றத்தைச் சுற்றிக் கேட்டால் காட்டிவிடுவார்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் பழையது என்று திருப்பி விடுவார்கள் என்பதால் அதை மட்டும் கடைசியில் எடுங்கள். மற்றதெல்லாம் முன்கூட்டியே எடுக்கலாம். எனக்கு எல்லாம் சேர ஐந்து கிழமை பிடித்தது. அதில் மூன்று கிழமை பொலிஸ் அறிக்கைக்குப் போனது.

பலரும் மறப்பது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. மூன்று ஊசி. முதலாவதற்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. நேர்முகத்தில் கேட்ட பிறகு தொடங்கினால் வார்ட்டில் முதல் ஆறு மாதமும் முழுப் பாதுகாப்பு இல்லாமல் ஊசியும் இரத்தமும் கையாள வேண்டிவரும். பயிற்சி முடியும் ஆண்டிலேயே தொடங்கி, ஊசி போட்ட அட்டையைக் கோப்பில் வையுங்கள்.

மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "கோப்பில் வைக்கத்தான், விலகும்போது தருவோம்" என்பார்கள். பொண்ட் எழுதுவதை விட இது பலமான பூட்டு. மூலத்தைக் காட்டுங்கள், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். வற்புறுத்தினால் "அரச நேர்முகத்துக்கு மூலம் தேவைப்படுகிறது, என்னிடம் இருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

3. வேலை எங்கே இருக்கிறது

நேர்மையாகச் சொன்னால் எங்கள் இரண்டு மாவட்டத்திலும் தனியார் இடங்கள் குறைவு, சிறியவை. மாலையில் போதனா வைத்தியசாலை வைத்திய நிபுணர்கள் வந்து பார்க்கும் இடங்களும், பத்து முப்பது கட்டில் வைத்திருக்கும் இடங்களும்தான் பெரும்பாலும். அங்கே விளம்பரம் போட்டு ஆள் எடுப்பது அபூர்வம். ஒரு சிஸ்டர் கலியாணம் முடித்துப் போனால் அடுத்த ஆளைத் தெரிந்தவர்களிடம்தான் கேட்பார்கள். ஆகவே ஒரு பக்க விபரக் கோவையை எடுத்துக்கொண்டு நேரே போய் மேட்ரனிடம் கொடுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். அதற்கு முன் ரவுண்ட்ஸ் நடக்கும், எரிச்சலில் இருப்பார்.

கொழும்பிலும் கண்டியிலும் பெரிய இடங்கள் வருடம் முழுக்க எடுக்கின்றன. அப்படி எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். நூறு கட்டில் இடம் எப்போதும் ஆள் தேடுகிறது என்றால் அங்கே ஆட்கள் தங்குவதில்லை. "போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலை விட, பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

போகும் இடம் எதுவானாலும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழில் இந்த வருடம் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

4. ஒரு மாலை வாசலில் நில்லுங்கள்

நேர்முகத்தில் எல்லா வைத்தியசாலையும் நல்ல வைத்தியசாலைதான். உண்மை மாலை ஏழு மணிக்கு வாசலில் தெரியும். பல இடங்களில் காலை 7 முதல் பகல் 1, பகல் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7 என்று அரச வைத்தியசாலை மாதிரியே டியூட்டி ஓடும். வேறு சில இடங்களில் பகல் பன்னிரண்டு, இரவு பன்னிரண்டு. எப்படி இருந்தாலும் மாலை ஏழு மணி மாற்றம் பொதுவானது.

ஆறே முக்காலுக்கு நோயாளி பார்க்க வந்தவர் போல முன்னால் உள்ள தேநீர்க் கடையில் இருங்கள். சீருடையில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பகலில் பன்னிரண்டு பேர் வெளியே வந்து, இரவுக்கு மூன்று பேர் உள்ளே போனால் உள்ளே இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். ஏழரைக்கும் ஒருவரும் வெளியே வரவில்லை என்றால், வேலையைப் பாரம் எடுக்க ஆள் வரவில்லை. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கும் ஒருமுறை போங்கள். நேற்றுப் பகல் பார்த்த முகம் இன்று காலை வெளியே வந்தால் அது பதினெட்டோ இருபத்துநாலோ மணித்தியாலம்.

திருக்கோவில், பொத்துவில், வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். இரவு ஏழு மணிக்கு டியூட்டி முடிந்து பாரம் கொடுத்து ஏழே முக்காலுக்கு வெளியே வந்தால் வீட்டுக்குப் பஸ் இருக்கிறதா? இல்லையென்றால் விடுதி வேண்டும், அந்த விடுதிக்குச் சம்பளத்தில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்க வேண்டும். என் கூட வேலை செய்த நிந்தவூர்ப் பிள்ளை ஒருத்தி மாதம் முழுக்க முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு அழுதாள்.

5. ரோஸ்டரைக் கேளுங்கள், கணக்குப் போடுங்கள்

"ஆட்கள் போதுமா?" என்று கேட்டால் "போதும்" என்பார்கள். ஆகவே அப்படிக் கேட்காமல் மூன்று எண்களைக் கேளுங்கள். வார்ட்டில் எத்தனை கட்டில்? காலை, மாலை, இரவு ஒவ்வொன்றிலும் எத்தனை தாதியர்? அந்த வார்ட்டின் பெயர்ப் பட்டியலில் மொத்தம் எத்தனை தாதியர்? இந்த மூன்றும் கிடைத்தால் மீதியைப் பேப்பரில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நான் இருந்த வார்ட்டை எடுத்துச் செய்து காட்டுகிறேன். இருபது கட்டில். காலை 3, மாலை 3, இரவு 2 என்று சொன்னார்கள். நல்ல எண்ணிக்கைதான். காலை மூன்று பேர் ஆறு மணித்தியாலம், அது 18. மாலையும் 18. இரவு இரண்டு பேர் பன்னிரண்டு மணித்தியாலம், அது 24. நாளொன்றுக்கு 60 மணித்தியால வேலை, வாரத்துக்கு 420. ஒரு தாதிக்கு நியமனக் கடிதத்தில் வாரம் 45 மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. 420ஐ 45ஆல் வகுத்தால் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல். லீவு, சுகமில்லாமை, பிரசவ விடுமுறை எல்லாவற்றுக்கும் பத்திலொரு பங்கு சேர்த்தால் பத்துப் பேருக்கு மேல் தேவை.

பட்டியலில் இருந்தது ஆறு பேர்.

420ஐ ஆறால் வகுத்தால் ஆளுக்கு வாரம் 70 மணித்தியாலம். இல்லையென்றால் சொன்ன 3, 3, 2 பொய். எங்கள் வார்ட்டில் இரண்டும் நடந்தது. இரவில் இருபது கட்டிலுக்கு நான் ஒருத்தி, கூட ஒரு உதவியாளர். அப்படியும் வாரம் அறுபதைத் தாண்டும். இந்தக் கணக்கை நேர்முகத்துக்கு முன் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கணக்கு: இருபத்துநாலு மணித்தியாலமும் ஒரு தாதி நிற்க வேண்டிய ஒரு இடத்துக்கு வாரம் 168 மணித்தியாலம். 45ஆல் வகுத்து லீவைச் சேர்த்தால் நாலு ஆளுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே "ஐசியூவில் எப்போதும் மூன்று பேர் நிற்பார்கள்" என்று ஒருவர் சொன்னால், பட்டியலில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருக்க வேண்டும். ஏழு பேர்தான் என்றால் அந்த "எப்போதும்" உண்மை இல்லை.

நோயாளிக்கு எத்தனை தாதி என்பதற்கு எந்த அளவை வைப்பது? செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர் என்பது ஐசியூவில் பழக்கமான அளவு. சாதாரண வார்ட்டுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஐந்து நோயாளிக்கு ஒரு தாதி என்று சட்டமே வைத்திருக்கிறது. நம் பக்கம் அதை எதிர்பார்த்தால் வேலையே கிடைக்காது. பகலில் ஆறு ஏழு, இரவில் பத்து வரை என்றால் நான் போவேன். இரவில் பதினைந்துக்கு மேல் ஒருத்தி என்றால் போகமாட்டேன். இது உங்கள் கால்வலி மட்டும் இல்லை. 2002இல் வெளிவந்த, பென்சில்வேனிய வைத்தியசாலைகளில் செய்த பேர்பெற்ற ஆய்வொன்றில், தாதி ஒருவருக்கு ஒவ்வொரு நோயாளி கூடும்போதும் சத்திரசிகிச்சை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பிழை நடந்தால் விசாரணைக்கு நிற்கப் போவது அன்றிரவு நின்ற தாதிதான். ரோஸ்டர் போட்டவர் வரமாட்டார்.

போன மாத ரோஸ்டரைக் காட்டக் கேளுங்கள். இந்த மாதத்து வேண்டாம், அது ஆசை. போன மாதத்தில்தான் வெட்டும் திருத்தமும் இருக்கும். ஒரே நாளில் காலை, மாலை இரண்டு எழுத்தும் சேர்ந்து எத்தனை கட்டத்தில் இருக்கிறது, இரவுக்கு அடுத்த நாள் தூங்கும் நாளாக விடப்பட்டிருக்கிறதா, ஓஃப் என்று போட்டதை வெட்டி டியூட்டி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து நாலு இரவுக்கு மேல் ஒருவர் பெயரில் இருந்தால் அவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளையாக இருக்கும், ஊர் தூரமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

6. சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு?

மொத்தத் தொகையைச் சொல்லி மயக்குவார்கள். 60,000 என்பார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 32,000, மீதி வருகைப் படி, ஊக்கப் படி என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஓவர்டைமை அடிப்படையில்தான் கணக்கிடுவார்கள். 32,000ஐ 240ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு 200 ரூபாய். 240ஆல் வகுக்கும் இடமும் உண்டு, 200ஆல் வகுக்கும் இடமும் உண்டு. எது என்று கேளுங்கள். ஒரு நாள் லீவு எடுத்தால் வருகைப் படி முழுக்கப் போய்விடுமா என்பதையும் கேளுங்கள். நான் அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போன மாதம் 8,000 ரூபாய் போனது.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதமும் அவர்களிடமிருந்து 12 சதவீதமும் போக வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர்கள் 3 சதவீதம். தகுதிகாண் காலத்தில் இது கிடையாது என்று சொன்னால் அது பிழை, முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும். உறுப்பினர் இலக்கத்தை மூன்றாவது மாதத்துக்குள் கேட்டு வாங்குங்கள்.

7. பொண்ட்

இப்போது என் நான்கு பக்கத்துக்கு வருகிறேன்.

பத்திரத்தில் இருந்தது இதுதான்: மூன்று வருடப் பயிற்சி இலவசம், பயிற்சிக்குப் பிறகு மூன்று வருடம் அங்கே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் 500,000 ரூபாய், இரண்டு பிணைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிழை சின்ன வரிகளில் இருந்தது.

பயிற்சி முடிந்து நான் வார்ட்டுக்கு வந்து 26 மாதம் ஆனபோது அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஊருக்கு வர வேண்டியதாகிவிட்டது. 36 மாதத்தில் 10 மாதம்தானே மீதி, அதற்குரிய பங்கைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். 500,000ஐ 36ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் சுமார் 138,900. நகையை வைத்தால் சமாளிக்கலாம். ஆளணிப் பிரிவுக்குப் போனால் அவர்கள் பத்திரத்தை விரித்து இரண்டு வரி காட்டினார்கள்.

முதல் வரி, சேவைக் காலம் "உறுதிப்படுத்தல் கடிதத்தின் திகதியிலிருந்து" தொடங்கும். எனக்கு அந்தக் கடிதம் வார்ட்டுக்கு வந்து ஐந்து மாதம் கழித்துத்தான் தரப்பட்டது. ஆகவே அவர்கள் கணக்கில் நான் செய்தது 21 மாதம், மீதி 15. இரண்டாவது வரி அதைவிட மோசம். எப்போது விலகினாலும் "முழுத் தொகையும்" கட்ட வேண்டும். காலத்துக்கு ஏற்பக் குறையும் என்று எங்கும் எழுதவில்லை. ஒரு மாதம் மீதி இருந்தாலும் ஐந்து லட்சம்தான். குறையும் என்ற ஒரு வசனம் இருந்திருந்தால், அவர்கள் சொன்ன 15 மாதத்துக்கே 208,000 சொச்சம்தான் வந்திருக்கும்.

கட்டவில்லை. கட்ட வழியில்லை. கட்டாமல் ஓடினால் கடிதம் மாமாவின் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அந்த 15 மாதத்தையும் செய்து முடித்தேன். மாதம் ஒரு முறை, இரண்டு நாள் ஓஃபில் பஸ் ஏறி வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனேன்.

ஆகவே பத்திரத்தைக் கையில் தந்தால் இவற்றைத் தேடுங்கள்.

காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? வேலைக்குச் சேர்ந்த திகதி என்று எழுதச் சொல்லுங்கள். உறுதிப்படுத்தல், பேரவைப் பதிவு, தகுதிகாண் கால முடிவு என்று எழுதியிருந்தால் அந்த நாள் உங்கள் கையில் இல்லை. ஆகக் கூடியது எத்தனை மாதத்துக்குள் அந்தக் கடிதம் தரப்படும் என்றாவது எழுத வேண்டும்.

தொகை மாதத்துக்கு மாதம் குறைகிறதா? இதற்கு ஒரு வசனம் போதும்: "சேவை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை சம விகிதத்தில் குறைக்கப்படும்." இதைச் சேர்க்க மறுக்கும் இடத்தில் நான் கையெழுத்து வைக்கச் சொல்லமாட்டேன். என் அனுபவத்தில் கேட்டால் பாதி இடங்கள் சேர்க்கும். ஒருவரும் கேட்பதில்லை என்பதால்தான் அது இல்லாமல் இருக்கிறது.

அந்தத் தொகை எதற்கு? பயிற்சிக் கட்டணம், சீருடை, விடுதி, உதவிப் பணம் என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே பயிற்சி முடித்துப் பதிவோடு வருபவரிடம் பொண்ட் கேட்டால் எதற்கு என்று கேட்க உங்களுக்கு இன்னும் அதிக உரிமை. இரண்டு கிழமை அறிமுக வகுப்புக்கு இரண்டு வருட பொண்ட் கேட்ட இடமும் உண்டு.

பிரசவ விடுமுறையும் சம்பளமில்லா லீவும் காலத்தில் சேருமா, நீளுமா? அவர்களே உங்களை நிறுத்தினால், அல்லது வேறு கிளைக்கு மாற்றி நீங்கள் போக மறுத்தால் பணம் யார் கட்டுவது? "நிறுவனம் தீர்மானிக்கும் எந்தக் கிளையிலும்" என்ற வசனம் இருந்தால் கிளைகள் எங்கே என்று பாருங்கள்.

பிணைக்காரரின் பொறுப்பு எப்போது முடிகிறது? அவருக்கு வரம்பு உண்டா, முழுத் தொகைக்கும் அவரும் கட்டுப்பட்டவரா? மாமாவையோ பெரியப்பாவையோ கூட்டிப்போகும் முன் அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பஸ் களைப்பில் கையெழுத்து வாங்காதீர்கள்.

அன்றே கையெழுத்து வைக்கச் சொன்னால் "வீட்டில் காட்டிவிட்டு மூன்று நாளில் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிப் பிரதியை வாங்கி வாருங்கள். பிரதி தரமாட்டோம் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், விளங்காமல் கையெழுத்து வைத்தேன் என்று பிறகு சொல்வது எடுபடாது. சட்டத்தரணியிடம் காட்டப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். நான் விலகுவதற்கு ஆறு வருடம் முன்னால் போயிருக்க வேண்டிய இடம் அது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொண்ட் உள்ள இடத்தில் சம்பளம் 48,000, பொண்ட் இல்லாத இடத்தில் 58,000 என்று வையுங்கள். 36 மாதத்தில் வித்தியாசம் 360,000. "இலவசப் பயிற்சி" என்பதன் விலை அதுதான். சில வேளை அந்த விலை பெறுமதியானது. நல்ல ஐசியூவில் கைப்பழக்கம் கிடைக்கும், பதிவு கிடைக்கும் என்றால் நானே போகச் சொல்வேன். விலை தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

8. தாதியல்லாத பிள்ளைகளுக்கு

உங்களுக்குப் பொண்ட் குறைவு, தனிமை கூட. சிறிய இடங்களில் ஆய்வுகூடத்துக்கு ஒரே ஒரு தொழில்நுட்பவியலாளர்தான் இருப்பார். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு மாதிரியை யார் ஓட்டுகிறார், அறிக்கையில் யாருடைய பெயர் போகிறது என்று கேளுங்கள். நீங்கள் இல்லாத நேரத்து அறிக்கைக்கு உங்கள் கையொப்ப முத்திரை குத்தப்படுமானால் அந்த வேலை வேண்டாம். மருந்தாளருக்கும் இதே கதை. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதற்கு மட்டும் மாதம் ஒரு தொகை தருகிறோம், வர வேண்டியதில்லை என்பார்கள். பிழையான மருந்து போன நாளில் அந்தச் சுவரில் இருப்பது உங்கள் பெயர்.

கதிர்ப்படப் பிரிவில் சேருகிறவர்கள் உங்கள் பெயரில் தனியாகக் கதிர்வீச்சு அளவுப் பட்டை தரப்படுமா என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒன்று என்றால் அது ஒருவருக்கும் இல்லை. இயன் மருத்துவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி என்று கேளுங்கள். "ஒன்-கோல்" என்று சொல்லும் இரவுகளுக்குக் காசு உண்டா, கூப்பிட்டால் மட்டும்தானா என்பது எல்லாருக்கும் பொருந்தும் கேள்வி.

9. விலகும்போது

பொண்ட் முடியும் நாளுக்கு மூன்று மாதம் முன்னால் "என் சேவைக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது என்று உறுதிப்படுத்தவும்" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். முன்னறிவித்தல் ஒரு மாதமா மூன்று மாதமா என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும். பொண்ட் முடிந்த பிறகு முன்னறிவித்தல் தொடங்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு எழுதியிருக்கவில்லை, ஒரு மாதம் மிஞ்சியது.

சேவைச் சான்றிதழ், கடைசிச் சம்பளத் தாள், சேமலாப நிதி இலக்கம், பொண்டிலிருந்து விடுவித்த கடிதம், மூலப் பத்திரம். இந்த ஐந்தையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஐந்து வருடம் முடித்தவர்கள், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், பணிக்கொடைக்கும் உரித்துடையவர்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். தராமல் இழுத்தால் தொழில் அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் உண்டு, முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

விடுவித்த கடிதத்தில் பிணைக்காரர்கள் இருவருடைய பெயரும் இருக்க வேண்டும். என்னுடையதில் மாமாவின் பெயர் விடுபட்டிருந்தது. திரும்ப எழுதி வாங்க இரண்டு முறை கொழும்புக்குப் போய் வந்தேன்.